தவறிப்போன இறைப்பு

கோடையில் கரண்ட் போய் வந்த மறுநாள் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே வசனத்தில்தான் தொடங்கும்: "டைமர் வேலை செய்யேல்லை." போய்ப் பார்த்தால் டைமர் பழுதாகியிருப்பது அபூர்வம். அதற்குச் சொல்லப்பட்டதை அது சரியாகவே செய்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தை அந்த டைமர் எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது. அதைவிடப் பெரிய சேதம், கரண்ட் வந்த முதல் ஒரு மணி நேரத்தில் மனிதர்கள் அவசரப்பட்டுச் செய்வதால் வருகிறது.

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்துறை என்று தரைவழியாகவும், குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு, நெடுந்தீவு என்று கடல்வழியாகவும் போய்த் தோட்டக் கிணறுகளுக்கு மோட்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பூட்டுவது என் தொழில். இன்று தீவகத்தில் பல தோட்டங்களின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். காணியைப் பார்ப்பவர் வயதானவராகவோ வேறு வேலைக்குப் போகிறவராகவோ இருப்பார். டைமர் அவருக்குப் பெரிய உதவி. அதனால்தான், இறைப்பு ஒன்று தவறினால் என்ன செய்வது என்பதை அவர் கையில் விளங்கும்படி கொடுத்துவிட்டு வரவேண்டியது எங்கள் வேலையின் பாதி என்று நினைக்கிறேன். பக்கத்து ஊர் என்றால் மோட்டார்சைக்கிளில் ஓடிப்போகலாம். நெடுந்தீவுக்குப் போக அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே முடிவு சொல்வது கிணறுதான். எங்கள் தீவுகளில் ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லிலும் மணலிலும் ஊறி, உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் நன்னீர் நின்றால், கீழே நாற்பது சாண் வரை உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கணக்கு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். இறைத்து இறைத்து மேல்மட்டம் ஒரு சாண் இறங்கி, அப்படியே நீண்ட நேரம் நின்றால், கீழேயிருந்து உவர் அதைவிடப் பல மடங்கு மேலே ஏறப் பார்க்கும். அது ஒரு மணி நேரத்தில் முழுதாக நடந்துவிடாது. ஆனால் கிணற்றுக்கு நேர் கீழே உவர் கூம்பாக மேலெழுவதற்கு ஒரு பேராசை இறைப்பே போதும். ஏறிய உவர் இறங்க அதைவிடக் கூடிய காலம் எடுக்கும். துலாவில் இறைத்த காலத்தில் மனிதன் களைத்தவுடன் கிணறும் ஓய்வெடுத்தது. மோட்டருக்குக் களைப்பில்லாததால் அந்த ஓய்வை நாம்தான் கட்டாயமாக்க வேண்டும்.

அடுத்தது டைமர். தோட்டங்களில் நான் காண்பவை மூன்று விதம். முதலாவது, வட்டமாகச் சுற்றிப் பற்கள் வைத்த பழைய மாதிரி. ஒரு பல்லுக்கு 15 நிமிடம், நாளுக்கு 96 பல். அதன் மணிக்கூடு கரண்டில்தான் ஓடும். கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும், வந்தால் விட்ட இடத்தில் இருந்து ஓடும். மூன்று மணி நேரம் கரண்ட் போனால் மூன்று மணி நேரம் பிந்தும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, இந்த டைமர்கள் பகல் எது இரவு எது என்று தெரியாமல் போயின. காலை ஆறு மணிக்கு வைத்த இறைப்பு நடுச்சாமத்தில் ஓடியது.

இந்த மாதிரிக்குத் தீவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலணைக்கும் ஊர்காவற்துறைக்கும் கரண்ட் தேசிய வலையமைப்பில் இருந்து வருகிறது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் அந்த வலையமைப்போடு சேராமல் டீசல் மின்பிறப்பாக்கிகளில் தங்கியிருந்தவை. பற்சக்கர டைமரின் மணிக்கூடு, மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை மாறுவதை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. மின்பிறப்பாக்கியில் பாரம் கூடி அது 49.5 ஆக இறங்கி நாள் முழுவதும் அப்படியே நின்றால், மணிக்கூடு அந்த நாளில் 14 நிமிடத்துக்கு மேல் பிந்திவிடும். கரண்ட் ஒருநாளும் போகாவிட்டாலும் இறைப்பு நகர்ந்துகொண்டே போவதற்கு இதுதான் காரணம். இந்த மூன்று தீவுகளுக்கும் சூரியசக்தி, காற்றாலை, பற்றரி சேர்ந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின் எங்கிருந்து வந்தாலும், மணிக்கூட்டை அதில் தங்கவிடாமல் வைப்பதே நல்லது.

இரண்டாவது விதம், உள்ளே சிறு பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர். கரண்ட் போனாலும் இதன் நேரம் பிசகாது. ஆனால் இதிலும் இரண்டு குணம் இருக்கிறது. காலை 6 முதல் 7 வரை இறைப்பு, 5.30க்குக் கரண்ட் போய் 6.20க்கு வருகிறது என்று வையுங்கள். சில மொடல்கள் கரண்ட் வந்தவுடன் "இப்போது ஓட வேண்டிய நேரமா?" என்று பார்க்கும். ஆம் என்றால் 6.20க்கு மோட்டரை எடுத்து 7க்கு நிறுத்தும். வேறு சில, 6 மணி என்ற அந்தக் கணத்துக்காக மட்டும் காத்திருப்பவை. அந்தக் கணம் கரண்ட் இல்லாமல் கடந்துவிட்டால் மறுநாள் 6 மணி வரை பேசாமல் இருக்கும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி. பரிசோதித்தால் மட்டுமே வேறுபாடு தெரியும். மூன்றாவது விதம், பற்றரி செத்துப்போன டிஜிட்டல் டைமர். கடற்காற்றுப் படும் இடத்தில் சில வருடங்களில் இது நடக்கும். கரண்ட் வந்தபின் திரையில் 0:00 இல் இருந்து புதிதாக எண்ணத் தொடங்கியிருந்தால் அதுதான் அடையாளம்.

டிஜிட்டல் டைமர்களில் பொத்தான் ஒன்று இருக்கிறது: ON, AUTO, OFF. கரண்ட் வந்தவுடன் வீட்டில் இருப்பவர் ON ஐ அழுத்தி மோட்டரைப் போடுவார். பிறகு AUTO வுக்கு மாற்றிவிட்டு, இனி டைமர் பார்த்துக்கொள்ளும் என்று போய்விடுவார். பல மொடல்களில் ON இல் இருந்து நேரே AUTO வுக்கு வந்தால், அடுத்த நிறுத்தும் நேரம் வரும்வரை மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். முற்பகல் 11 மணிக்கு இப்படிச் செய்தால் அடுத்த நிறுத்தும் நேரம் மறுநாள் காலை 7 மணி. அதற்குள் கிணறும் போய்விடும், மோட்டரும் போய்விடும். எப்போதும் முதலில் OFF, பிறகு AUTO. இதை ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறேன்.

வேலணையில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் நடந்ததை முழுதாகச் சொன்னால் இவையெல்லாம் எப்படி ஒன்றோடொன்று பின்னுகின்றன என்பது தெரியும். இரண்டு பரப்புக் காணி, ஏறத்தாழ 500 சதுர மீற்றர். சொட்டுநீர்க் குழாய். ஒரு குதிரைவலு மோட்டர், குழாய்களுக்கூடாக நிமிடத்துக்கு 50 லீற்றர் தரும். காலை 6 முதல் 7 வரை ஒரு மணி நேர இறைப்பு, அதாவது 3,000 லீற்றர். நிலத்தில் பரவினால் 6 மில்லிமீற்றர் நீர். கோடை வெயிலுக்கு ஒரு நாள் தேவை அவ்வளவுதான். கிணறு பத்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அதில் 3,000 லீற்றர் எடுத்தால் மட்டம் 43 சென்ரிமீற்றர் இறங்கும். ஆவணியில் கிணற்றில் நின்றது 120 சென்ரிமீற்றர் தண்ணீர். புட்வால்வு அடியில் இருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில். அதற்கு மேல் இன்னும் 30 நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். ஆக, பயமில்லாமல் எடுக்கக்கூடியது 60 சென்ரிமீற்றர், அதாவது 4,200 லீற்றர். ஒரு இறைப்புக்குப் போதும். இரண்டு இறைப்பைச் சேர்த்து எடுக்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு டிரான்ஸ்ஃபோமர் பழுதாகிக் கரண்ட் போனது. வந்தது புதன் முற்பகல் பதினொரு மணிக்கு. செவ்வாய், புதன் இரண்டு காலை இறைப்பும் தவறியிருந்தன. தோட்டத்தைப் பார்க்கும் பெரியம்மா, கரண்ட் வந்த கையோடு மோட்டரைப் போட்டிருக்கிறா.

"ரெண்டு நாள் தண்ணி விடேல்ல தம்பி, கண்டெல்லாம் வாடிப்போச்சு. அதான் ரெண்டு நாளைக்கும் சேர்த்து ஒண்டா ஓடட்டும் எண்டு விட்டன். பிறகு குழாய் கொர்ர் எண்டு காத்துத்தான் விட்டுது."

இரண்டே கால் மணி நேரம் ஓடியிருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு நான் போனபோது மோட்டரின் உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை. கிணற்றில் நின்றது 35 சென்ரிமீற்றர். தண்ணீரை நாக்கில் வைத்தாலே சவர் தெரிந்தது. கைமீற்றரில் 1,900 மைக்ரோசீமன்ஸ் காட்டியது. அந்தக் கிணறு அந்த மாதத்தில் வழக்கமாகக் காட்டுவது 900. உலக உணவு விவசாய அமைப்பின் நீர்த்தரக் கையேட்டின்படி, பாய்ச்சும் நீர் 1,000 ஐத் தாண்டினால் மிளகாய் விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயத்துக்கு எல்லை 800. கடைசி அரை மணி நேரம் கண்டுகளுக்குப் போனது தாகம் தீர்க்கும் தண்ணீரல்ல.

டைமரையும் பார்த்தேன். பற்சக்கர மாதிரி. முப்பத்தேழு மணி நேரம் நின்றதால், புதன் முற்பகல் பதினொரு மணிக்கு அது இரவு பத்து என்று காட்டியபடி ஓடத் தொடங்கியிருந்தது. அதன் காலை ஆறு மணி, நமக்கு அன்று இரவு ஏழு மணி. கவனிக்காமல் விட்டிருந்தால், அதே கிணற்றை அன்றிரவே இன்னும் ஒரு மணி நேரம் இழுத்திருக்கும். மின்தடைக்குப் பிறகு முதலில் செய்ய வேண்டியது டைமரை OFF இல் வைத்து, அதன் முகத்தில் உள்ள நேரத்தையும் கைமணிக்கூட்டையும் ஒப்பிடுவது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அன்று கண்டுகளுக்குத் தேவையான அளவு தண்ணீர் ஏற்கெனவே நிலத்தில் இறங்கிவிட்டது. அதனால் வியாழக்கிழமை மோட்டரைத் தொடவேண்டாம் என்று சொன்னேன். பெரியம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்டின் அடியில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, ஈரமண்ணை எடுத்து உருட்டிக் காட்டிய பிறகு சம்மதித்தா. வெள்ளிக்கிழமை காலை கிணற்றில் 115 சென்ரிமீற்றர், மீற்றரில் 1,050. அன்று வழக்கமான ஒரு மணி நேரம் இறைத்தோம். மீற்றர் பழைய 900க்கு வர அதற்குப் பிறகும் பல நாட்கள் எடுத்தன.

அந்தப் புதன்கிழமை என்ன செய்திருக்க வேண்டும்? மண்ணில் இருந்து தொடங்க வேண்டும். அந்தக் காணி மணல் கலந்த இருவாட்டி. மிளகாய் வேர் ஓடும் ஓரடி ஆழத்தில் பயிர் எடுக்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் நிற்கும். அதில் பாதியைப் பயிர் சிரமமில்லாமல் எடுக்கும். நாளுக்கு ஆறு என்றால் இரண்டரை நாள் தாங்கும். ஒரு இறைப்பு தவறினால் பயிருக்கு எதுவும் ஆகாது. இரண்டு தவறினால் விளிம்பில் நிற்கும். நண்பகலில் இலை தொங்குவதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, தண்ணீர் இருக்கும்போதும் வெயிலில் அது தொங்கும். மாலையிலும் நிமிராவிட்டால்தான் தாகம். வெறும் மணல் காணியில் இந்தத் தாங்கு காலம் ஒன்றரை நாளாகக் குறையும். நாற்றுமேடை என்றால் வேர் இரண்டு அங்குலம்தான், ஒரு நாள்கூடத் தாங்காது. அதற்கு மோட்டர் வேண்டாம், வாளியும் பூவாளியும் போதும்.

ஆகவே புதன் மாலை ஐந்து மணிக்கு, ஆறியிருந்த கிணற்றில் இருந்து ஒரே ஒரு வழக்கமான இறைப்பு, ஒரு மணி நேரம். வியாழன் காலை வழக்கம்போல. மீதியிருக்கும் ஓர் இறைப்பை அதற்கடுத்த நான்கு நாட்களில் பங்கிட்டு, 60 நிமிடத்துக்குப் பதில் 75 நிமிடம். 75 நிமிடத்துக்கு மட்டம் 54 சென்ரிமீற்றர் இறங்கும், எல்லை 60. கயிற்றில் கல்லைக் கட்டிக் காலையில் அளந்து, மட்டம் வழக்கத்துக்கு வரவில்லை என்றால் அன்று 60 நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். மறு வருடம் அதே தோட்டத்தில் இதேபோல் இரண்டு இறைப்பு தவறியது. பெரியம்மா இந்தக் கணக்குப்படியே செய்தா. மீற்றர் 950 ஐத் தாண்டவில்லை.

இனி மோட்டரின் பக்கம். பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள பழைய ஸ்டார்ட்டரில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. கரண்ட் போனால் உள்ளே காந்தத்தால் பிடிபட்டிருக்கும் சுவிட்ச் விழுந்துவிடும். கரண்ட் வந்தாலும் ஒருவர் பச்சையை அழுத்தினால்தான் மீண்டும் எடுக்கும். டைமர் பூட்டும்போது அந்தக் குணத்தை நாம் எடுத்துவிடுகிறோம், ஏனென்றால் பச்சையை அழுத்த அங்கே ஆளில்லை. எடுத்த பாதுகாப்புக்குப் பதிலாக வேறு பாதுகாப்பு வைக்க வேண்டும்.

கரண்ட் வரும் அந்தக் கணத்தில் ஊரில் உள்ள எல்லா மோட்டரும் குளிர்சாதனப் பெட்டியும் ஒன்றாக எடுக்கும். கம்பியின் கடைசியில் உள்ள தோட்டத்தில் வோல்டேஜ் 170க்கு இறங்குவதைக் கண்டிருக்கிறேன். 230இல் உள்ள எடுக்கும் பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் 170இல் இருக்கும். மோட்டர் சுற்றாமல் முனகும், வழக்கமான ஐந்தாறு அம்பியருக்குப் பதில் அதன் பல மடங்கை இழுத்துச் சுருள் எரியும். அதனால் கரண்ட் வந்து பத்து நிமிடம் தாமதித்து விடும் ஒரு டிலே ரிலேயும், 200க்குக் கீழே மோட்டரை எடுக்க விடாத வோல்டேஜ் ரிலேயும் பூட்டுகிறேன். ஒரே டிரான்ஸ்ஃபோமரில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் இருந்தால் ஒன்றுக்குப் பத்து, அடுத்ததுக்குப் பதினைந்து என்று மாற்றி வைப்பேன். மூன்றாவது, புட்வால்வுக்கு மேல் 30 சென்ரிமீற்றரில் ஒரு மிதவைச் சுவிட்ச். மட்டம் அங்கே இறங்கினால், டைமர் என்ன சொன்னாலும் மோட்டர் நிற்கும். டைமரின் உடம்பில் 16 அம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டரை அதில் நேரே கொடுக்கக் கூடாது. அது ஹீற்றர் போன்ற பாரத்துக்கான கணக்கு. டைமர் காந்தச் சுவிட்சை இயக்க, அது மோட்டரை இயக்க வேண்டும்.

பெட்டியில் ஒரு சிறிய மணிக்கணக்கு மீற்றரும் வைக்கிறேன். மோட்டருக்குக் கரண்ட் கிடைத்த நேரத்தை அது எண்ணும். காலையில் அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதினால், நேற்று ஓடியதா, எவ்வளவு ஓடியது என்பதில் சந்தேகம் இருக்காது. எண் ஏறாவிட்டால், காரணம் மின்தடையா, அல்லது இடிமின்னலில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீட்டில் வெளிச்சம் இருந்தும் கிணற்றடிக்குக் கரண்ட் போகவில்லையா என்று பார்க்க வேண்டும். எண் ஏறியும் மண் காய்ந்திருந்தால், மோட்டர் காற்றை இழுத்து ஓடியிருக்கிறது. அப்போது புட்வால்வைப் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் நின்ற பம்பில் புட்வால்வு கசிந்து தண்ணீர் கீழே இறங்கியிருப்பது வழக்கம்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று மீதி. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று சிலர் புட்வால்வைத் துப்புரவாக்கக் கிணற்றுக்குள் இறங்குகிறார்கள். டைமர் பூட்டிய கிணற்றில் இதைவிட ஆபத்தான நேரம் கிடையாது. மேலே ஒருவரும் தொடாமலே மோட்டர் எடுக்கும், கசிவு இருந்தால் தண்ணீரில் நிற்பவர் தப்பமாட்டார். டைமரை OFF இல் வைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. பிரதான சுவிட்சை நிறுத்தி, பெட்டியைப் பூட்டி, சாவியை இறங்குகிறவர் தன் மடியில் கொண்டுபோக வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத கிணற்றுக்கு நான் டைமர் பூட்டுவதில்லை.

வேலை முடிந்து புறப்படுவதற்கு முன், தோட்டத்தைப் பார்ப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பரிசோதனை செய்வேன். ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கி அரை மணி ஓடும்படி டைமரை வைப்பேன். தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன் பிரதான சுவிட்சை நிறுத்தி, தொடங்கும் நேரம் கடந்தபின் போடுவேன். மோட்டர் உடனே எடுக்காமல் பத்து நிமிடம் பொறுக்கிறதா, பொறுத்தபின் எடுக்கிறதா, குறித்த நேரத்தில் நிற்கிறதா என்று இருவரும் பார்ப்போம். பிறகு, ஓட வேண்டிய நேரம் முழுவதும் சுவிட்சை நிறுத்தி வைத்து, அது கடந்தபின் போடுவோம். இந்தத் தடவை மோட்டர் எடுக்கவே கூடாது. கடைசியாக மிதவையைக் கையால் தாழ்த்தி, ஓடும் மோட்டர் நிற்பதைப் பார்ப்போம். மூன்றும் சரியாக நடந்தால், காலை மட்டம், மீற்றர் எண், அன்று ஓட வேண்டிய நிமிடம் என்ற மூன்று நிரல்களைக் கொப்பியில் கீறி, முதல் வரியை அவர் கையாலேயே எழுதச் சொல்வேன்.